பேடு லைட் எரிகிறது; குன்னூரிலிருந்து கீழே இறங்கலாமா?

மலர் குன்னூர் (செவ்வாய், இரவு 8:40)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் செடான், மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மீட்டர் இப்போது 61,400. நேற்று சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் விட்டு விட்டுப் போட்ட கோடாக வளைவு. கையேட்டைப் புரட்டினால் பிரேக் பேடு தேய்மானம் என்று இருக்கிறது. இன்று காலை ஸ்டார்ட் செய்தபோதும் எரிந்தது.

இரண்டு வாரமாக முன்பக்கத்திலிருந்து ஒரு கீச் சத்தமும் வருகிறது. மழைக்காலம்தானே, ஈரத்தில் வருகிறது என்று விட்டுவிட்டேன்.

இங்கே இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். சென்சார் வயரோடு வரும் பேடு கையிருப்பில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். "அதுவரை தாராளமா ஓட்டலாம் மேடம், லைட் வந்தாலும் லைஃப் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை. சனிக்கிழமை அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டக் கோயம்புத்தூர் போக வேண்டும். லைட் வந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டி ரைடர் (செவ்வாய், இரவு 9:05)

பயப்படவே வேண்டாம். லைட் எரிவது 3 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது. அதற்குப் பிறகு 2,000 கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். என் பழைய காரில் லைட்டோடு மூன்று மாதம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. குன்னூர் டு கோவை போய் வர 150 கிலோமீட்டர் வருமா? கணக்கே இல்லை. சத்தம் பேடு தூசியால் வருவது. தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், நின்றுவிடும்.

கொடை ஹோம்ஸ்டே (செவ்வாய், இரவு 9:30)

எங்களுக்கும் இதே கதைதான் சகோதரி. கொடைக்கானலில் ராத்திரி முழுக்க வெளியே நிற்கும் வண்டி, காலையில் எடுத்தால் முதல் நான்கு பிரேக்குக்குக் கிரீச் கிரீச் என்று கத்தும். பனியில் டிஸ்கில் துரு பூத்துவிடுகிறது. ஏரியை ஒரு சுற்று சுற்றினால் சரியாகிவிடும். விளக்கு விஷயம் என்றால் எனக்கும் வருகிறது, ஆனால் சிவப்பு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. வளைவில் திரும்பும்போது மட்டும் மின்னி மறையும். ஹேண்ட் பிரேக் சுவிட்ச் லூஸ் என்று நினைக்கிறேன். சீசன் முடிந்ததும் பார்க்க வேண்டும்.

வத்தலக்குண்டு பட்டறை (செவ்வாய், இரவு 10:50)

பட்டறையை மூடிவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். மேடம், 2,000 ஓடும் என்றும் சொல்ல மாட்டேன், ஓடாது என்றும் சொல்ல மாட்டேன். பேடைப் பார்க்காமல் யார் எண் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

உங்கள் வண்டியில் முன்பக்கம் மட்டும் நான்கு பேடு இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் டிஸ்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இந்த மாதிரி பல வண்டிகளில் சென்சார் வயர் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும், பெரும்பாலும் இடது பக்கத்தில். பேடுக்குள் ஒரு வயர் புதைத்திருக்கும். பேடு அந்த ஆழம் வரை தேய்ந்ததும் டிஸ்க் அந்த வயரை அறுத்துவிடும், லைட் எரியும். அதாவது லைட் சொல்வது அந்த ஒரு பேடின் நிலவரம் மட்டும். மற்ற மூன்றும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ரைடர் தம்பி சொல்வது கிட்டத்தட்ட சரி. மலையில் ஓடும் வண்டியில் ஒரே மாதிரி தேய்ந்து நான் பார்த்தது குறைவு.

நான் கேட்பது மூன்று. கீச் சத்தம் பிரேக் மிதிக்கும்போது வருகிறதா, மிதிக்காமல் சும்மா உருளும்போதே வருகிறதா? எந்தப் பக்கம்? பழைய பேடு மாற்றிய பில் ஏதாவது கையில் இருக்கிறதா?

கொடை சார், உங்கள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். சீசன் முடியும்வரை விடாதீர்கள்.

மலர் குன்னூர் (புதன், காலை 7:15)

அண்ணா, நன்றி. காலையில் பால் வாங்கப் போகும்போது கவனித்தேன். பிரேக் மிதிக்காமல் மெதுவாக உருளும்போதுதான் வருகிறது. சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'கீ... கீ... கீ' என்று விட்டு விட்டு. வேகம் கூடினால் ஒரே இழுப்பாக ஆகிறது. பிரேக்கில் கால் வைத்தால் சட்டென்று நின்றுவிடுகிறது! அதனால்தான் பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தேன். எந்தப் பக்கம் என்று உள்ளே உட்கார்ந்து தெரியவில்லை.

பில் கிடைத்தது. முந்தைய ஓனர் கோவைக்காரர், எல்லாவற்றையும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்தார். 34,000 கிலோமீட்டரில் முன் பேடு செட் மாற்றியிருக்கிறார், கம்பெனி பேடு இல்லை, வெளிக்கடைப் பேடு. நான் வாங்கும் முன் 54,000-ல் போட்ட சர்வீஸ் அட்டையில் "மு.இ. 6.5" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. முன் இடது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு 7,400 கிலோமீட்டர் ஓட்டியது நான். வாரம் மூன்று நாள் மேட்டுப்பாளையம் போய் வருகிறேன்.

வத்தலக்குண்டு பட்டறை (புதன், காலை 7:50)

சத்தத்தை இவ்வளவு சரியாகச் சொல்லும் வாடிக்கையாளர் எனக்கு வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம்.

நீங்கள் சொல்வது தகட்டுச் சத்தம் மாதிரி இருக்கிறது. சென்சார் இல்லாத பேடில் ஓரமாக வளைந்த சின்ன இரும்புத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேடு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்கை உரசிக் கத்தும். பிரேக் மிதித்தால் தகடு டிஸ்கோடு அழுந்திக்கொள்ளும், சத்தம் மாறும் அல்லது நிற்கும். கொடை சார் சொன்ன துருச் சத்தம் வேறு. அது காலையில் வந்து நான்கு மிதியில் போய்விடும். தூசியும் பளபளப்பும் ஏறிய பேடு மூன்றாவது வகை. அது லேசாகப் பிரேக் பிடிக்கும்போதுதான் கத்தும், கால் எடுத்தால் நிற்கும். உங்களுடையது அதற்கு நேர்த் தலைகீழ்.

வெளிக்கடைச் செட்டில் ஒரு பேடில் வயரும் மற்றதில் தகடுமாக வரும். இப்போது யோசியுங்கள். லைட் நேற்று முன்தினம் வந்தது, சத்தம் இரண்டு வாரமாக இருக்கிறது. வயர் இருக்கும் பேடு தேய்வதற்கு முன்னாலேயே தகடு இருக்கும் வேறொரு பேடு அந்த அளவுக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

காம்பவுண்ட் சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு நடக்கும் வேகத்தில் போங்கள். சுவரில் மோதித் திரும்பும் சத்தம் நன்றாகக் கேட்கும். முதலில் இடது பக்கம் சுவர் வரும்படி ஒரு தடவை, திரும்பி வந்து வலது பக்கம் சுவர் வரும்படி ஒரு தடவை.

கோத்தகிரி சிவா (புதன், காலை 9:20)

செகண்ட் ஹேண்ட் என்றதும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருடம் வாங்கிய காரில் பேடு லைட் எரியவே இல்லை. பேடு இரும்போடு இரும்பாக உரசி 'கர்ர்' என்று வந்தபோதுதான் கழற்றினேன். சென்சாருக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, சஸ்பென்ஷன் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வயர் பேடுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் செய்த வேலை. வயர் அறுந்தால்தானே லைட் எரியும்? சேர்த்துக் கட்டிவிட்டால் ஜென்மத்துக்கும் எரியாது. இரண்டு டிஸ்கும் போச்சு.

உங்களுக்கு லைட்டாவது வந்ததே, சந்தோஷப்படுங்கள்.

வத்தலக்குண்டு பட்டறை (புதன், காலை 9:45)

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு சிவா. பேடு புதுசாக இருக்கும், லைட் எரியும். கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும், இல்லை ஸ்டியரிங் திரும்பித் திரும்பி வயர் உள்ளுக்குள் ஒடிந்திருக்கும். எல்லா வண்டியும் இப்படி அறுந்தால் எரியும் வகையும் இல்லை. சிலதில் ஒற்றை வயர், அது டிஸ்கைத் தொட்டால்தான் எரியும். அந்த வகையில் வயர் ஒடிந்துவிட்டால் லைட் வராமலே போகும். அதனால் லைட் எரிந்தாலும் கழற்றிப் பார், எரியாவிட்டாலும் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊட்டி ரைடர் (புதன், மதியம் 1:10)

எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன லைட்டைப் பூதமாக்குகிறீர்கள். இப்போது ஓட்டும் காரை 40,000 கிலோமீட்டரில் நானே அளந்தேன். அலாய் வீல் இடுக்கில் ஸ்கேலை விட்டு. 8 மில்லிமீட்டர் இருக்கிறது. மலையில்தான் ஓட்டுகிறேன். ஓட்டத் தெரிந்தால் பேடு தேயாது.

வத்தலக்குண்டு பட்டறை (புதன், மதியம் 1:40)

தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். ஸ்கேலை எதிலிருந்து எது வரை வைத்தீர்கள்? பேடின் முதுகில் ஒரு இரும்பு பிளேட் இருக்கும், அதுவே ஐந்து, ஆறு மில்லிமீட்டர் கனம். அதையும் சேர்த்து அளந்திருந்தால் உங்கள் 8-ல் தேயும் சரக்கு இரண்டோ மூன்றோதான். பிளேட் துரு நிறத்தில் ஒரே சீராக இருக்கும், சரக்கு கருப்பாகச் சொரசொரப்பாக இருக்கும், நடுவில் கோடு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். அதோடு அலாய் இடுக்கில் தெரிவது வெளிப் பேடு மட்டும். உள் பேடு டிஸ்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஊட்டி ரைடர் (புதன், மதியம் 2:30)

சரி. பிளேட்டோடுதான் அளந்திருக்கிறேன். சாயங்காலம் மறுபடி பார்க்கிறேன்.

மலர் குன்னூர் (புதன், இரவு 9:10)

சுவர்ச் சோதனை செய்தேன். சத்தம் வலது பக்கம், சந்தேகமே இல்லை. வழியில் ஒரு பாட்டி "என்னம்மா, வண்டி அழுவுது" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஜாக்கியும் வெர்னியரும் இருந்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, இரண்டு முன் சக்கரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினோம். பிளேட்டை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் அளந்தது: இடது வெளிப் பேடு 3.5, இடது உள் பேடு 3, சென்சார் வயர் இதில்தான் இருக்கிறது, முனை அறுந்து செம்பு தெரிகிறது. வலது வெளிப் பேடு 6. வலது உள் பேடு ஒரு முனையில் 2, இன்னொரு முனையில் 1.5 கூட முழுதாக இல்லை. ஆப்பு மாதிரி சாய்ந்து தேய்ந்திருக்கிறது. தகடு டிஸ்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, டிஸ்கில் அந்த இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு.

ஒரே சக்கரத்தில் ஒரு பேடு 6, இன்னொன்று 1.5. இது எப்படி?

வத்தலக்குண்டு பட்டறை (புதன், இரவு 9:55)

ஸ்லைடு பின் இறுகிவிட்டது. காலிப்பர் என்பது டிஸ்கை இரண்டு பக்கமும் பிடிக்கும் கை. ஆனால் உங்கள் வண்டியில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும், அந்தத் தள்ளலில் காலிப்பரே இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்தும். பின் வழுக்கவில்லை என்றால் உள் பேடு மட்டும் வேலை செய்யும். வெளிப் பேடு சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். கால் எடுத்த பிறகும் உள் பேடு முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து மழைத் தண்ணீர் இறங்கினால் இப்படித்தான் ஆகும். நீலகிரி மழைக்கு இது சகஜம். சாய்ந்து தேய்ந்திருப்பதும் அதையே சொல்கிறது, இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். வெளிக்கடைப் பேடு புதிதில் 11 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கோவைக்காரர் 20,000 கிலோமீட்டரில் 4.5 தேய்த்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 4,400 கிலோமீட்டர். நீங்கள் 7,400-ல் 3.5 தேய்த்திருக்கிறீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 2,100. அதே வண்டி, அதே பேடு, பாதி ஆயுள். இது உங்கள் ஓட்டுதலைக் குறை சொல்வதில்லை, சாலை அப்படி. ரைடர் சொன்ன 2,000 உங்கள் இடது பக்கத்துக்குப் பொருந்தித்தான் போகிறது: 3-லிருந்து 2-க்கு வர 2,100. ஆனால் ஓட்டப்போவது இடது பக்கத்தை மட்டும் இல்லையே.

வலது உள் பேடுக்கு இந்தக் கணக்கும் செல்லாது. அதில் தேய்வது பிரேக் பிடிக்கும்போது மட்டும் இல்லை, சும்மா ஓடும்போதும்தான். இந்த வாரம் 1.5, அடுத்த வாரம் பிளேட். நான் இந்த வண்டியில் குன்னூர் மலை இறங்க மாட்டேன்.

மேட்டுப்பாளையம் கணக்கு (புதன், இரவு 10:30)

பட்டறை அண்ணன் சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன், மன்னிக்கவும், பழக்கம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஆள்களோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ. இறங்கும்போது எங்காவது போய்த்தீர வேண்டிய சக்தி சுமார் 20 மெகா ஜூல். புரியும்படி சொன்னால் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு. இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க டிஸ்கிலும் பேடிலும்தான்.

பேடு கனமாக இருக்கும்வரை அது டிஸ்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு பாய் விரித்த மாதிரி, சூட்டைத் தடுக்கும். 1.5-க்கு வந்தால் சூடு நேராக பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அதன் எல்லை 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி வரும், பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி கீழே போகும். சமவெளியில் அதே 1.5 மில்லிமீட்டரோடு ஒரு மாதம் ஓட்டிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லலாம். மலையில் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணக் கூடாது, எத்தனை இறக்கம் என்று எண்ண வேண்டும்.

ஊட்டி ரைடர் (வியாழன், காலை 6:40)

கணக்கு சார், எல்லாம் சரி. ஆனால் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் பிரேக்குக்கு ஏது அவ்வளவு சூடு? கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு, முதல் கியரில் இறங்கி எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், சக்கரத்தில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். குன்னூர் பாதையில் பர்லியார் கிட்ட வரும் கருகல் நாற்றம் எல்லாம் நியூட்ரலிலும் நான்காவது கியரிலும் இறங்குகிறவர்களுடையது.

மேட்டுப்பாளையம் கணக்கு (வியாழன், காலை 7:05)

அதில் உங்களோடு சண்டை இல்லை. இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் தாங்கும். ஆனால் அவர் வண்டியில் வலது உள் பேடு விடாமல் உரசுகிறதே, கியர் எதுவானாலும் அந்தச் சக்கரம் சூடாகும். அதோடு குறுக்கே ஒரு பஸ் வந்தால் மிதித்துத்தான் ஆக வேண்டும்.

வத்தலக்குண்டு பட்டறை (வியாழன், காலை 8:00)

மலர் மேடம், வழி ஒன்று இருக்கிறது. கோவைக் கடையில் சொல்லி பேடு செட்டை பஸ் பார்சலில் குன்னூருக்குப் போடச் சொல்லுங்கள். அதோடு ஸ்லைடு பின் கிட்டும், அதாவது பின்னும் ரப்பர் பூட்டும், இரண்டு பக்கத்துக்கும். பேடு நான்கையும் மாற்ற வேண்டும். வலதில் 6 இருக்கிறதே என்று ஒன்றை மட்டும் விடாதீர்கள், இழுப்பு ஒரு பக்கமாகப் போகும்.

ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கான சூடு தாங்கும் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண வீல் கிரீஸ் போட்டால் பூட் ஊதிப் பின் மறுபடி இறுகும். இரண்டு, பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் யாராவது ஆயிலை நிரப்பியிருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது அது பொங்கி பெயின்ட் மேல் வழியும். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரியும்.

இப்போது கொடை சார். உங்கள் சிவப்பு விளக்கு வளைவில் மட்டும் மின்னுகிறது என்றீர்கள். ஹேண்ட் பிரேக் சுவிட்ச் லூஸ் என்றால் குழியில் விழுந்தால் மின்னும், வளைவில் ஏன் மின்ன வேண்டும்? அதே விளக்கு பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் எல்லைக் கோட்டுக்கு வந்துவிட்டால் வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாயும்போது மிதவை இறங்கி விளக்கு மின்னும். கசிவு இல்லாத வண்டியில் ஆயில் எங்கே போகிறது? பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வருகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் இடத்தை நிரப்பப் போகிறது. உங்கள் வண்டியில் பேடு சென்சார் கிடையாது என்றால் இந்த விளக்குதான் உங்களுக்குப் பேடு லைட்.

கொடை ஹோம்ஸ்டே (வியாழன், காலை 11:30)

ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது உண்மை. போன மாதம் பெட்ரோல் பங்க் பையன் ஊற்றினான், விளக்கு ஒரு வாரம் வரவில்லை. மறுபடி வருகிறது. இன்று டூரிஸ்டுகளைப் பழனி பாதையில் இறக்கிவிட வேண்டும். வந்து பார்க்கிறேன்.

வத்தலக்குண்டு பட்டறை (வியாழன், காலை 11:35)

ஊற்றிய பிறகு ஒரு வாரத்தில் மறுபடி வருகிறது என்றால் அது தேய்மானமாக மட்டும் இருக்காது, கசிவும் இருக்கலாம். இன்று பழனிக்கு வேறு வண்டி சொல்லுங்கள் சார். உண்மையாகச் சொல்கிறேன்.

மலர் குன்னூர் (சனி, இரவு 8:20)

அப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தேன். கண் நன்றாக இருக்கிறது.

பேடு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டரை மணி நேரம் நின்றேன். வலது காலிப்பரின் கீழ்ப் பின் கையால் இழுத்து வரவில்லை, ஸ்பேனரால் திருகித் திருகித்தான் எடுத்தார்கள். பூட்டில் ஒரு கீறல், உள்ளே கிரீஸுக்குப் பதில் காபித் தூள் மாதிரி துரு. மேல் பின் வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது. அண்ணன் சொன்னது அப்படியே. ஆயில் டப்பாவை அவர்களே பார்த்து, பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு டாட் 4 மாற்றினார்கள். பழையது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

இன்று விடிகாலை அருவங்காடு பக்கம் காலியாக இருந்த ரோட்டில் ஐம்பதிலிருந்து பத்து வரை நிதானமாகப் பிடித்து விட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி பிடித்து, பத்து தடவை செய்தேன். லைட் இல்லை, சத்தம் இல்லை. புது சென்சார் போட்ட பிறகுதான் லைட் அணைந்தது.

ஒரு சந்தேகம். வலது டிஸ்கின் உள்பக்கம் நகத்தை வைத்தால் மாட்டும் அளவுக்குக் கோடு இருக்கிறது. மெக்கானிக் "ஓடும்" என்கிறார். ஓரத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு இன்னும் 0.8 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. மாற்றுவதா?

வத்தலக்குண்டு பட்டறை (சனி, இரவு 9:00)

0.8 இருந்தால் இந்தப் பேடுக்கு ஓட்டலாம். ஆனால் கோடு புதுப் பேடைச் சீக்கிரம் தின்னும். சிலர் லேத்தில் கடைந்துவிடுவார்கள், கடைந்தால் 0.8-ல் பாதி போய்விடும், எனக்கு அதில் இஷ்டமில்லை. 5,000 கிலோமீட்டரில் மறுபடி கழற்றி வலதையும் இடதையும் அளந்து ஒப்பிடுங்கள்.

கோத்தகிரி சிவா (சனி, இரவு 9:25)

எனக்கு லேத்தில் கடைந்த டிஸ்க்தான் 15,000 தாண்டி ஓடுகிறது. இதில் பட்டறை அண்ணனோடு ஒத்துப்போக மாட்டேன்.

ஊட்டி ரைடர் (ஞாயிறு, காலை 8:10)

மறுபடி அளந்தேன். வெளிப் பேடு சரக்கு மட்டும் 2.5. உள் பேடைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. செட் ஆர்டர் போட்டுவிட்டேன்.

கொடை ஹோம்ஸ்டே (ஞாயிறு, காலை 10:40)

பழனிக்கு வேறு வண்டிதான் சொன்னேன். இன்று சக்கரம் கழற்றினேன். வலது முன் சக்கரத்தின் உள்பக்க டயர் சுவர் முழுக்க ஈரம், விரலில் வழவழவென்று ஒட்டுகிறது. இடது உள் பேடையும் பார்த்தேன். பட்டறை சார், சரக்குக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும் என்றீர்களே. எனக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. ஒரே பளபள இரும்பாக இருக்கிறது.

வத்தலக்குண்டு பட்டறை (ஞாயிறு, காலை 10:48)

சார், சக்கரத்தை மாட்டிவிட்டு வண்டியை அங்கேயே விடுங்கள், கேட்டுக்கு வெளியே நகர்த்தவும் வேண்டாம். வண்டி மாடல், வருடம் மட்டும் சொல்லுங்கள். பையனை மதியம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், பேடும் டிஸ்கும் பிஸ்டன் சீல் கிட்டும் கையோடு எடுத்து வருவான்.